17/83 மட்டும் உச்சத்தில், பக்கத்து எண்களெல்லாம் கீழே: எதை நம்புவது?

நிலவன்_7

வணக்கம். நகரும் சராசரி குறுக்குவெட்டு முறை ஒன்றை பேக்டெஸ்ட் செய்திருக்கிறேன். ஒரே ஒரு பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸ், 8 ஆண்டு தினசரித் தரவு. வேக சராசரி மெது சராசரிக்கு மேலே இருந்தால் லாங், கீழே இருந்தால் ஷார்ட். எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் நிலை இருக்கும், சும்மா இருக்கும் நாள் கிடையாது. வேகத்துக்கு 5 முதல் 60 வரை, மெதுவுக்கு 20 முதல் 240 வரை, ஒவ்வொரு எண்ணாக எல்லாச் சேர்க்கையையும் ஓட்டினேன். ஆண்டு ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் சுமார் 18%.

எல்லாவற்றிலும் மேலே வந்தது 17/83. செலவு போக ஷார்ப் விகிதம் 0.93. அதைச் சுற்றி இப்படி இருக்கிறது (வரிசை வேகம், நெடுக்கை மெது):

```
        82     83     84
16    0.61   0.66   0.59
17    0.68   0.93   0.64
18    0.60   0.62   0.63
```

பக்கத்து எண்களும் லாபத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் 17/83-ஐ எடுத்துக்கொள்ளலாமா? அல்லது இந்த வித்தியாசமே சந்தேகப்பட வேண்டியதா?

---

விரைவுநடை

கவலைப்பட எதுவும் இல்லை நண்பரே. ஷார்ப் விகிதத்தின் பிழையளவு தோராயமாக 1-ஐ ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். 8 ஆண்டுக்கு அது 0.35. உங்கள் 0.93-க்கும் 0.62-க்கும் நடுவில் 0.31தான். பிழையளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு 17/83-ஐயே ஓட்டுங்கள், எதை எடுத்தாலும் ஒன்றுதானே.

---

தராசுமுள்

விரைவுநடை, 0.35 என்ற கணக்கு சரி. அதை இங்கே பொருத்திய விதம் சரியில்லை. 0.35 என்பது ஒரு முறையைத் தனியாக எடுத்து அதன் உண்மையான ஷார்ப் எங்கே இருக்கலாம் என்று கேட்கும்போது வரும் பிழை. 17/83-உம் 18/83-உம் ஒரே சந்தையில், ஒரே நாட்களில், பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கின்றன. சந்தை தந்த அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் எடுக்கும்போது அந்தப் பொதுப் பகுதி அடிபட்டுப் போய்விடும்.

இரண்டின் தினசரி வருமானத்துக்கு இடையே ஒட்டுறவு 0.96 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தின் பிழை √(2 × 0.04 / 8), அதாவது 0.1. இப்போது 0.31 என்பது பிழையைப் போல் மூன்று மடங்கு. கிட்டத்தட்ட ஒரே நிலையை வைத்திருக்கும் இரண்டு முறைகள் இவ்வளவு விலகினால், எங்கோ சில நாட்களில் மட்டும் எதிரெதிர்ப் பக்கம் நின்றிருக்கின்றன என்று அர்த்தம். அந்த நாட்கள் எவை என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

நிலவன், இரண்டின் தினசரி வருமானத் தொடரையும் கழித்து, பெரிய ஐந்து நாட்களை எடுத்துப் பாருங்கள்.

```python
d = r_17_83 - r_18_83
print(d.sum())
print(d.loc[d.abs().nlargest(5).index])
```

மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்பதை முன்னாலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஷார்ப் வித்தியாசம் 0.31, ஏற்ற இறக்கம் 18%, 8 ஆண்டு. பெருக்கினால் சுமார் 45%. இந்த 45% எத்தனை நாளில் வந்தது என்பதுதான் கேள்வி.

---

கோடுவரை

ஒவ்வொரு எண்ணாக ஓட்டுவது நேர விரயம். பேயஸ் வழித் தேடல் பயன்படுத்தினால் 150 முயற்சியில் உச்சம் கிடைத்துவிடும். ஆப்டூனா போட்டுப் பாருங்கள்.

---

தராசுமுள்

கோடுவரை, அவர் கேட்டது உச்சத்தை எப்படி வேகமாகக் கண்டுபிடிப்பது என்றல்ல, கண்ட உச்சத்தை நம்பலாமா என்று. இந்த வேலைக்கு அத்தகைய தேடல் இடைஞ்சலாகவும் இருக்கும். அது நல்ல இடம் என்று நினைக்கும் பகுதியில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் நாலைந்து புள்ளியாகவும் மாதிரி எடுக்கும். பிறகு அந்தப் புள்ளிகளை வைத்துப் படம் வரைந்தால் நல்ல பகுதி அகலமாக இருப்பதுபோல் தெரியும், காரணம் அங்கே புள்ளிகள் அதிகம் என்பது மட்டுமே. அதைக் கொண்டு தேடினாலும், அண்டைப் பரிசோதனைக்குச் சீரான கட்டம் ஒன்றைத் தனியாக ஓட்டியாக வேண்டும்.

---

நிலவன்_7

பார்த்தேன் சார். கூட்டுத்தொகை 45 பக்கம்தான் வருகிறது. அதில் இரண்டே நாட்கள் 35%.

முதல் நாள் சந்தை 9.5% விழுந்தது. 17/83 ஷார்ட், 18/83 லாங். ஆக வித்தியாசம் 19%. 18/83 மறுநாள்தான் ஷார்ட்டுக்கு மாறியிருக்கிறது. வியப்பு என்னவென்றால் 16/83-உம் அன்றைக்கு லாங். அது இரண்டு நாள் முன்பே ஷார்ட்டுக்குப் போய், ஒரு சின்ன ஏற்றத்தில் திரும்ப லாங்குக்கு வந்துவிட்டது.

இரண்டாவது நாள் 8% ஏற்றம். 17/83 முந்தைய மாலைதான் லாங்குக்கு மாறியது, 18/83 இன்னும் ஷார்ட். 16% வித்தியாசம்.

---

தராசுமுள்

அப்படியானால் 17 என்ற எண்ணுக்கு இருந்த சிறப்பு இதுதான்: ஒரு வீழ்ச்சி நாளில் 16 அவசரப்பட்டது, 18 தாமதித்தது, 17 நடுவில் விழுந்தது. அடுத்த வீழ்ச்சியில் அந்த இடம் 15-க்கோ 22-க்கோ போகும். 2020 மார்ச் 12 அன்று எஸ் அண்ட் பி 500 9.5% விழுந்தது, மறுநாள் 9%-க்கு மேல் ஏறியது, 16 அன்று மீண்டும் ஏறக்குறைய 12% விழுந்தது. இப்படிப்பட்ட ஒரு வாரம் தரவுக்குள் இருந்தால், எப்போதும் லாங் அல்லது ஷார்ட் என்று இருக்கும் எந்த முறையிலும் எந்த மாலையில் பக்கம் மாறியது என்பதே வரிசைப் பட்டியலைத் தீர்மானித்துவிடும்.

இன்னொன்று. உங்கள் 3×3 அட்டவணையைப் பார்த்து ‘அண்டை எண்களும் 0.6-க்கு மேல்தானே’ என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 82-க்கும் 83-க்கும் இடைவெளி சுமார் 1.2 சதவீதம்தான். 83 நாள் சராசரியில் 82 நாட்கள் இரண்டுக்கும் பொது. அவை ஒத்துப்போவதில் செய்தி எதுவும் இல்லை. அதே ஒரு நாள் வித்தியாசம் 5-க்கும் 6-க்கும் இடையே 20%. ஆகையால் கட்டத்தை விகிதத்தில் பிரியுங்கள், சம இடைவெளியில் அல்ல.

```python
fast = np.round(np.geomspace(5, 60, 14)).astype(int)
slow = np.round(np.geomspace(20, 240, 14)).astype(int)
```

இது வேகத்துக்கு 5, 6, 7, 9, 11, 13, 16, 19, 23, 28, 34, 41, 50, 60 என்று தரும். மெதுவுக்கு 20, 24, 29 என்று தொடங்கி 240 வரை. ஒவ்வொரு படியும் சுமார் 21%. அண்டை என்று சொல்லத் தகுந்த தூரம் இதுதான்: முறையின் கருத்து மாறாத அளவுக்குக் கிட்டத்தில், வர்த்தகங்கள் ஓரளவாவது மாறும் அளவுக்குத் தள்ளி.

ஓட்டுவதற்கு முன் ஒரு பொறியைக் கவனியுங்கள். 240 நாள் சராசரிக்கு முதல் 239 நாள் கணக்கே வராது, 20-க்கு 20 நாளில் வந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் அதனதன் தொடக்கத்திலிருந்து மதிப்பெண் வாங்கினால், அவை வெவ்வேறு காலத்தை அளக்கின்றன. அந்த முதல் ஆண்டில் சந்தை ஒரே திசையில் ஓடியிருந்தால் படத்தில் ஒரு பக்கம் முழுவதும் உயர்ந்து, மேடு போலவே காட்சி தரும். எல்லாக் கட்டத்தையும் 241-ஆவது நாளிலிருந்தே அளவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தன்னோடு சேர்த்து ஒன்பது கட்டங்களின் இடைநிலை மதிப்பையும், ஒன்பதில் மோசமானதையும் எடுங்கள். சராசரி வேண்டாம். உங்கள் அட்டவணையிலேயே சராசரி 0.66, இடைநிலை 0.63. கூடுதலாக வந்த 0.03 அந்த ஒற்றை 0.93 இழுத்துக் கொடுத்தது.

```python
from scipy.ndimage import generic_filter as gf
# S: fast x slow, fast >= slow உள்ள கட்டம் nan
kw = dict(size=3, mode="constant", cval=np.nan)
med = gf(S, np.nanmedian, **kw)
low = gf(S, np.nanmin, **kw)
n = gf(np.isfinite(S).astype(float), np.sum,
       size=3, mode="constant", cval=0)
med[(n < 7) | ~np.isfinite(S)] = np.nan
```

கடைசி வரி முக்கியம். மூலையில் இருக்கும் கட்டத்துக்குத் தன்னோடு சேர்த்தே நாலு பேர்தான். நாலு பேரின் இடைநிலை ஒன்பது பேரின் இடைநிலையைவிட அதிகம் ஆடும், அதனால் ஓரங்களே மேலே வர ஏதுவாகும். சிறந்த பகுதி ஓரத்தை ஒட்டி வந்தால், கட்டத்தை அந்தப் பக்கம் நீட்டி மறுபடி ஓட்ட வேண்டும். ஓரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை மேடு என்று சொல்ல முடியாது.

---

பொன்னி_எஸ்

என் முறையில் இந்தச் சிக்கலே இல்லையே. நான் லாங் மட்டும், வேக சராசரி கீழே போனால் வெளியே வந்துவிடுவேன். கட்டம் முழுக்க 0.55-இலிருந்து 0.65 வரைதான். எதை எடுத்தாலும் ஒரே மாதிரி. இதைவிட உறுதியான முறை இருக்க முடியாதுதானே?

---

தராசுமுள்

பொன்னி, அதே காலத்தில் வாங்கி வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் ஷார்ப் எவ்வளவு?

---

பொன்னி_எஸ்

0.58.

---

தராசுமுள்

அப்படியென்றால் படம் தட்டையாக இருப்பதற்கு, அளவுரு எதையும் பெரிதாகச் செய்யவில்லை என்பதே முதல் காரணமாக இருக்கும். ஏறும் சந்தையில் முக்கால்வாசி நாள் லாங்காக இருக்கும் எந்த விதியும் சந்தையின் ஷார்ப்பைச் சுற்றித்தான் நிற்கும். விதியை வாரத்தில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு வெளியே இருப்பது என்று மாற்றினாலும் ஏறக்குறைய அதே எண் வரும். ஒவ்வொரு கட்டத்தின் தினசரி வருமானத்திலிருந்தும், அந்தக் கட்டம் சராசரியாக எவ்வளவு நேரம் லாங்கில் இருந்ததோ அந்தப் பங்கு சந்தை வருமானத்தைக் கழியுங்கள். 70% நாள் லாங் என்றால் 0.7 × சந்தை வருமானம். மீதியை வைத்து மறுபடி படம் வரையுங்கள். தட்டையாகப் பூச்சியத்தைச் சுற்றி வந்தால், அங்கே நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் திறமை இல்லை.

---

பொன்னி_எஸ்

வரைந்து பார்த்தேன். −0.08-இலிருந்து 0.11 வரை. மெது சராசரி 150-க்கு மேலே இருக்கும் மூலையில் மட்டும் எல்லாம் நேர்மறை, மற்ற இடங்களில் கலந்து கட்டியாக இருக்கிறது. இதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

---

நிலவன்_7

புதிய கட்டத்தை ஓட்டினேன். எல்லாம் 241-ஆவது நாளிலிருந்து. பழைய உச்சம் இருந்த இடம் இப்படி:

```
        63     76     92
13    0.22   0.35   0.31
16    0.30   0.48   0.44
19    0.27   0.51   0.39
```

இடைநிலை 0.35, மோசமானது 0.22. ஒரு படி தள்ளினாலே சரிகிறது. இடைநிலைப் பட்டியலில் முதலிடம் வந்தது வேறு இடம்:

```
       135    164    198
28    0.55   0.60   0.57
34    0.58   0.61   0.59
41    0.56   0.63   0.59
```

இடைநிலை 0.59, மோசமானது 0.55. ஓரத்திலும் இல்லை. வாங்கி வைத்திருப்பதோடு ஒப்பிட்டும் பார்த்தேன், இது லாங்கும் ஷார்ட்டும் என்பதால் சந்தையோடு ஒட்டுறவு குறைவுதான். 34/164-ஐ எடுத்துக்கொள்கிறேன்.

---

விரைவுநடை

இதைத்தான் மேடு என்கிறோம். ஒன்பது முறைகள் தனித்தனியே 0.55-க்கு மேல் என்றால் அது தற்செயலாக இருக்கவே முடியாது. முடிந்தது வேலை.

---

தராசுமுள்

தனித்தனியே என்பதுதான் இல்லை. 34/164-உம் 41/164-உம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பக்கம் மாறும். 8 ஆண்டில் பத்துப் பதினைந்து வர்த்தகம், அவற்றில் பெரும்பாலானவை இரண்டிலும் ஒன்றே, நுழைந்த தேதி மட்டும் சில நாள் முன்னே பின்னே. மெதுவான பகுதியில் மேடு எப்போதுமே வழவழப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே எல்லாக் கட்டமும் அதே நாலைந்து பெரிய போக்குகளைத்தான் பிடிக்கிறது. ஒன்பது சாட்சிகள் வந்திருப்பது போல் தோன்றும். உண்மையில் ஒரே சாட்சி ஒன்பது முறை பேசுகிறது.

அண்டைப் பரிசோதனை 17/83 போன்ற ஒற்றை முள்ளைக் களைய நன்றாக உதவும். மேடு உண்மையா என்பதற்கு இன்னொரு ஓட்டம் தேவை. தினசரி வருமானங்களின் வரிசையைக் குலைத்து, அதிலிருந்து விலைத் தொடரைத் திரும்பக் கட்டி, முழுக் கட்டத்தையும் மறுபடி ஓட்டுங்கள். வரிசை குலைந்ததும் போக்கு போய்விடும், நாள் வருமானங்களின் அளவும் மொத்த ஏற்றமும் அப்படியே இருக்கும். 500 தடவை செய்து, எத்தனை தடவை இதைப்போன்ற மேடு தானாக முளைக்கிறது என்று எண்ணுங்கள்.

---

நிலவன்_7

500 தடவை ஓட்டினேன். 34/164-ஐச் சுற்றிய இடைநிலை 0.59-ஐத் தாண்டியது 24 தடவை. ஏறக்குறைய 5%. பரவாயில்லை என்று தோன்றுகிறது?

---

தராசுமுள்

34/164-ஐ மட்டும் பார்த்தீர்களா? அந்த இடத்தை நீங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை, முழுப் படத்தையும் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தீர்கள். குலைத்த தரவுக்கும் அதே சலுகையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் `np.nanmax(med)`, அதாவது அந்தத் தடவையில் எங்கே சிறந்த மேடு வந்ததோ அதன் உயரத்தை எடுத்து 0.59-உடன் ஒப்பிடுங்கள்.

---

நிலவன்_7

மாற்றி ஓட்டினேன். 113 தடவை. கிட்டத்தட்ட 23%.

அதாவது போக்கே இல்லாத தரவில்கூட நாலில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக இவ்வளவு உயரமான மேடு எங்காவது வந்துவிடுகிறது. இது எனக்கு எதிர்பாராதது. படத்தில் அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது.

---

தராசுமுள்

8 ஆண்டு, ஒரு சந்தை, மெதுவான முறை. இதற்குள் இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம். 23% என்பதால் முறை பொய் என்றும் ஆகாது. இந்தத் தரவால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்பதே நிலை. கட்டத்தையும் விதியையும் செலவையும் தொடாமல் அப்படியே வேறு சந்தைகளில் ஓட்டிப் பாருங்கள். அங்கே முதலிடம் எது என்று தேடாதீர்கள். 28 முதல் 41, 135 முதல் 198 என்ற அதே ஒன்பது கட்டங்களின் இடைநிலை என்ன என்று மட்டும் கேளுங்கள். இடம் முன்பே குறித்ததாகிவிடுவதால், இங்கே `nanmax` தேவையில்லை.

---

எண்முத்து

இழையை இப்போதுதான் படித்தேன். இரண்டு விஷயம்.

வேறு சந்தை என்றால் இன்னும் ஆறு பங்குக் குறியீடுகளைச் சேர்த்துவிடாதீர்கள். வீழ்ச்சி வரும்போது எல்லாம் சேர்ந்தே விழும். கடன்பத்திரம், நாணயம், உலோகம், தானியம் என்று பிரித்து எடுங்கள், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, ஏன் 34/164 என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒன்பதையும் ஒன்பதில் ஒரு பங்கு வீதம் ஓட்டலாமே. 0.63 எடுத்தவனும் 0.55 எடுத்தவனும் வெறும் நுழைவுத் தேதி அதிர்ஷ்டத்தில் பிரிந்தவர்கள் என்றால், சேர்த்து ஓட்டினால் அந்த அதிர்ஷ்டம் சராசரியாகிவிடும். ஒரே மாலையில் முழு நிலையும் லாங்கிலிருந்து ஷார்ட்டுக்குத் திரும்பாது, சில வாரங்களில் படிப்படியாகத் திரும்பும். 9.5% வீழ்ச்சி நாளில் நடந்தது போன்ற எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற விளைவு தணியும்.

---

தராசுமுள்

பிரித்தெடுக்கும் யோசனைக்கு முழு உடன்பாடு. சேர்த்து ஓட்டுவதில் பாதி உடன்பாடு. ஃபியூச்சர்ஸில் ஒரு ஒப்பந்தத்துக்குக் கீழே பிரிக்க முடியாது. நாலு ஒப்பந்தம் போடும் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு என்பதே இல்லை, முழு எண்ணாக்கும்போது அது ஏறக்குறைய நடுக் கட்டத்தின் நிலைக்கே வந்துவிடும். 18 ஒப்பந்தத்துக்கு மேல் என்றால் அர்த்தமுண்டு.

---

எண்முத்து

முழு எண்ணாக்கினாலும் நாலு ஒப்பந்தத்தில் −4-இலிருந்து +4 வரை ஒன்பது நிலைகள் இருக்கின்றனவே. ஒன்பது கட்டங்களில் ஆறு லாங், மூன்று ஷார்ட் என்றால் நிகரம் மூன்று பங்கு, 1.33 ஒப்பந்தம், முழு எண்ணாக 1. நடுக் கட்டம் மட்டும் என்றால் 4. இந்த இரண்டும் ஒன்றல்ல.

---

தராசுமுள்

அந்தக் கணக்கு சரி, அந்த மாறும் வாரங்களில் வித்தியாசம் இருக்கும். அது செலவைத் தாண்டுமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

நிலவன்_7

என்னிடம் கடன்பத்திரம் ஒன்று, நாணயம் இரண்டு, தங்கம், செம்பு, சோளம் ஆகியவற்றின் தொடர் தரவு இருக்கிறது. அதே கட்டம், அதே விதி. அந்தந்தச் சந்தையின் செலவை மட்டும் மாற்றலாமா சார், அல்லது அதையும் தொடக்கூடாதா?

---

தராசுமுள்

அந்தந்தச் சந்தையின் உண்மையான செலவைப் போடுங்கள், ஆனால் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். தொடர் தரவில் ஒப்பந்தம் மாறும் நாட்களில் விலை இடைவெளி சரிக்கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சோளத்தில் அறுவடை மாறும் ஒப்பந்தங்களுக்கு இடையே அந்த இடைவெளி பெரியது. சரிக்கட்டாத தொடரில் சராசரிகள் அந்தத் தாவலைப் போக்கு என்று எடுத்துக்கொள்ளும், அப்போது ஒன்பது கட்டங்களும் ஒன்றாகவே தவறும், படம் வழவழப்பாகவே இருக்கும்.

---

நிலவன்_7

சோளத்தில் சரிக்கட்டவில்லை. செம்பையும் பார்க்க வேண்டும். அதை முடித்துவிட்டு ஒன்பது கட்டங்களின் இடைநிலையை ஆறு சந்தைக்கும் இங்கேயே பதிகிறேன், எண்முத்து சொன்ன சேர்த்து ஓட்டும் கணக்கையும் சேர்த்து.